வெந்தயமும் சோம்பும் தாய்ப்பாலைக் கூட்டுமா?

பிள்ளை பெற்ற வீட்டில் வெந்தயக் களியும் சோம்புத் தண்ணீரும் கொடுப்பது பழைய வழக்கம். பால் பத்தவில்லை என்று தோன்றினால் இப்போது கடையில் வெந்தய மாத்திரையும் வாங்குகிறார்கள்.

துருக்கியில் 66 தாய்மாரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த சோதனை 2011இல் வெளியானது. பிரசவமான மூன்றாம் நாள் பம்பில் எடுத்த பால், வெந்தயம் கலந்த மூலிகை டீ குடித்தவர்களுக்குச் சராசரியாக 73 மில்லி. ஆப்பிள் டீ குடித்தவர்களுக்கு 39, எதுவும் குடிக்காதவர்களுக்கு 31. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டீயில் வேறு மூலிகைகளும் இருந்தன. மூன்றாம் நாள் என்பதோ பால் தானாகவே ஊறிவரும் சமயம். 2013இல் வெளியான இன்னொரு சோதனையில், குறைமாதக் குழந்தை பெற்ற 26 தாய்மாரில் ஒரு பகுதியினர் வெந்தய மாத்திரையைத் தினம் மூன்று வேளை, மூன்று வாரம் சாப்பிட்டார்கள். பாலின் அளவிலும், சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினிலும் வித்தியாசமே தெரியவில்லை. சோம்புக்கான சான்று இதைவிடவும் மெலிந்தது.

பால் சுரப்பை முதன்மையாக நடத்துவது, மார்பு எவ்வளவு காலியாகிறது என்பதுதான். பால் தேங்கி நின்றால் சுரப்பி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குழந்தை காம்பை மட்டும் பிடித்துக் குடித்தால் மார்பு காலியாகாது. அந்த நிலையில் வெந்தயம் எவ்வளவு சாப்பிட்டும் பலனில்லை. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, குழந்தை காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா, நாளுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிறதா என்பதைத்தான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போய், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டால் பால் போதுமானதுதான். மார்பு கனக்கவில்லை என்பதை வைத்துப் பால் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது.

சமையலில் சேரும் அளவு வேறு, மாத்திரையாக எடுக்கும் அளவு வேறு. வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும். இன்சுலின் போடுகிற தாய்க்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து. வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். தாய்க்கு வயிற்றுப்போக்கும் வரலாம். குழந்தையின் சிறுநீரில் வெந்தய வாசம் வந்தால், அதே வாசம் தரும் அரிய பரம்பரை நோய் ஒன்றோ என மருத்துவர் சந்தேகிக்க நேரும். வெந்தயம் சாப்பிடுவதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சோம்பு விஷயத்தில் எனக்கு உறுத்தலாக இருப்பது 1994இல் இத்தாலியிலிருந்து வந்த செய்தி. சோம்பு, அதிமதுரம் முதலியவை கலந்த டீயை இரண்டு தாய்மார் தினம் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்திருக்கிறார்கள். குழந்தைகள் துவண்டு, அழுகை குறைந்து, சப்பக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. டீயையும், தற்காலிகமாகத் தாய்ப்பாலையும் நிறுத்தியதும் ஒன்றரை நாளுக்குள் தேறிவிட்டன. சமையலில் போடும் சிட்டிகைச் சோம்புக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் லிட்டர் கணக்கில் குடிக்கிற தாயின் குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், அன்றே டீயை நிறுத்திவிட்டுக் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.