ஃப்ரைட் ரைஸ் வீட்ல ஏன் குழையுது? சூடும் சோறும் பத்தி ஒரு வோக் மாஸ்டர்

சிங்கப்பூர்ல ஒரு சைனீஸ் கிச்சன்ல 14 வருஷமா வோக் அடுப்புல நிக்கிறேன். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனப்ப ஃப்ரைட் ரைஸ் பண்ணிட்டு இருந்தாங்க, சோறு சரியான சோறுதான், முதல் நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சது, ஆனா 5 பேருக்கான மொத்த சோத்தையும் ஒரே தடவையா கொட்டிட்டாங்க. சடசடன்னு கேட்டுட்டு இருந்த சத்தம் அப்படியே அடங்கிடுச்சு, சட்டிக்குள்ள இருந்து வெள்ளையா ஆவி கிளம்புச்சு. அந்த சத்தம் அடங்கினா சூடு போச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் சோறு வறுபடாது, தன் ஈரத்துலயே வேகும்.

இன்னும் கொஞ்சம் சோறு ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு, அதுல 2 பேருக்கு, சுமார் 300 கிராம் மட்டும் எடுத்து, கையை நனைச்சுட்டு கட்டியெல்லாம் உதுத்து வச்சேன். ஆறின சோத்துல மாவுச்சத்து இறுகிடும், மேல் ஈரமும் காஞ்சிருக்கும், அதனாலதான் பருக்கை ஒட்டாம தனித்தனியா நிக்குது, சுடுசோத்துல இது நடக்காது. இரும்பு வோக்கை லேசா புகை வர்ற வரைக்கும் காய வச்சு (நான்ஸ்டிக்ல இப்படி வெறுஞ்சட்டியா காய வைக்கவே வைக்காதீங்க) 2 ஸ்பூன் எண்ணெய், உடனே முட்டை, அது பாதி வெந்ததும் சோறு. கொட்டின கையோட கிண்டாம ஒரு 20 செகண்ட் பரப்பி விட்டேன், அடியில படுற பருக்கை பொன்னிறமாகி மொறுமொறுன்னு ஆகணும்ல, அப்புறம் புரட்டி மறுபடி பரப்பினேன். கடைசியில சோயா சாஸ் ஒரு ஸ்பூன், அதை சோத்து மேல ஊத்தாம சட்டியோட ஓரத்துல விட்டா சுர்ருன்னு கருகி வாசம் வரும். வெங்காயத்தாள் தூவி இறக்கிட்டேன், முட்டை போட்டதுல இருந்து மொத்தமே 3 நிமிஷம். அடுத்த 2 பேருக்கு மறுபடியும் சட்டியை காய வச்சுதான் ஆரம்பிக்கணும்.

அப்பதான் அக்கா, "இன்னும் சோறு வேணும்னா குக்கர்ல இருக்குடா"ன்னாங்க. முதல் நாள் மதியம் வடிச்சது, ராத்திரி முழுக்க வெளியிலயே இருந்திருக்கு. அதை குப்பையில கொட்டச் சொல்லிட்டேன். அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட வித்து இருக்கும், வேக வச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பா வெளியில கிடந்தா முளைச்சுப் பெருகி விஷத்தை விடும். அந்த வாந்தி விஷம் எவ்ளோ சூட்டுல வறுத்தாலும் அழியாது, மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, சாப்பிட்ட 1 மணி நேரத்துல இருந்து 6 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுக்க வச்சிரும். "நல்லா வறுத்தா சரியாயிடும்"னு நம்புறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

ஃப்ரைட் ரைஸுக்குன்னு சோறு வடிக்கிறப்ப தண்ணி கொஞ்சம் குறைச்சு வைங்க, வெந்ததும் அகலமான தட்டுல மெலிசா பரப்பி ஃபேன் காத்துல ஆற விடுங்க, 1 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும், மறுநாளே வறுத்துடுங்க. பானையோட வச்சா நடுச்சோறு ஆறவே ரொம்ப நேரம் ஆகும்.