எண்ணாமலே இருப்பு மதிப்பு: சூப்பர் மார்க்கெட்டின் மாதக் கடைசிக் கணக்கு

ஒரு நடுத்தர சூப்பர் மார்க்கெட்டின் அலமாரிகளில் ஆயிரக்கணக்கான வகைப் பொருட்கள் இருக்கும். மாதக் கடைசியில் லாபம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால், கையில் மிச்சமிருக்கும் சரக்கின் அடக்க விலை தெரிய வேண்டும். ஆனால் கடைக்குள் கண்ணில் படும் விலை எல்லாம் விற்பனை விலைதான். ஒரு சோப்புக் கட்டி போன மாதம் ஒரு விலைக்கும் இந்த மாதம் இன்னொரு விலைக்கும் வந்திருக்கும். அலமாரியில் இரண்டும் கலந்து கிடக்கும்.

சில்லறை விற்பனை முறை என்று கணக்கர்கள் சொல்லும் வழி இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. கடைக்குள் வந்த சரக்கு மொத்தத்துக்கும் விற்பனை விலை என்ன என்று தெரியும். எவ்வளவு விற்றது என்று பில்லிங் மெஷின் சொல்லும். கழித்தால் அலமாரியில் இருக்க வேண்டிய சரக்கின் விற்பனை விலை கிடைக்கும். விற்பனை விலையில் அடக்க விலை எத்தனை சதவீதம் என்ற விகிதத்தால் அதைப் பெருக்கினால் இறுதி இருப்பின் அடக்க மதிப்பு வந்துவிடும். இந்தியக் கணக்கியல் தரநிலை ஏஎஸ் 2 இந்த முறையை அனுமதிக்கிறது. ஆனால், கிடைக்கும் விடை உண்மையான அடக்க விலைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த நெருக்கம் எங்கே கெடுகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் ஒரு மளிகைப் பிரிவின் ஒரு மாதக் கணக்கு. எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி நீங்கலாக. மாதத் தொடக்க இருப்பு அடக்க விலையில் 24,00,000 ரூபாய், விற்பனை விலையில் 30,00,000. அந்த மாதக் கொள்முதல், திருப்பி அனுப்பியது போக, அடக்கத்தில் 59,40,000. அதோடு லாரி வாடகையும் இறக்குகூலியும் 60,000 சேர்ந்து 60,00,000. அந்தச் சரக்குக்குக் கடை வைத்த விற்பனை விலை 74,00,000. நடுவில் எண்ணெயும் பருப்பும் ஏறியதால், ஏற்கெனவே அலமாரியில் இருந்த பொருட்களின் விலையை 1,00,000 ரூபாய் அளவுக்கு உயர்த்தினார்கள். ஆக, விற்கக் கிடைத்த சரக்கு அடக்கத்தில் 84,00,000, விற்பனை விலையில் 1,05,00,000. விகிதம் 80 சதவீதம்.

இனி விற்பனை விலைப் பக்கம் மட்டும் கழித்துக்கொண்டே போகலாம். ஆஃபர் கொடுத்துக் குறைத்த விலை 2,50,000, விற்பனை 76,00,000. மிச்சம் 26,50,000. திருட்டு, உடைசல், எடைப் பிசகு ஆகியவற்றுக்கு, இந்தக் கடையின் பழைய கணக்கெடுப்புகளை வைத்து, விற்பனையில் 1 சதவீதம், அதாவது 76,000 கழித்தால் 25,74,000. அதில் 80 சதவீதம் 20,59,200 ரூபாய். அதுதான் இறுதி இருப்பு.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: "இந்தப் பொருளில் 25 சதவீதம் லாபம்" என்று விநியோகஸ்தர் சொல்வதை வைத்து விற்பனை விலையில் 25 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். அவர் சொன்னது அடக்க விலையின் மேல் 25 சதவீதம். 80 ரூபாய்ச் சரக்கு 100 ரூபாய்க்கு விற்றால், விற்பனை விலையில் லாபம் 20 சதவீதம்தான். வாய்வழி வந்த லாப சதவீதத்தை நம்பாமல், மேலே செய்ததுபோல் அடக்கத்தையும் விற்பனை விலையையும் தனித்தனியே கூட்டி வகுப்பதே பாதுகாப்பு.

விகிதம் சரியாக வந்தாலும் விடை தவறலாம். 80 சதவீதம் என்பது வந்த சரக்கின் சராசரி. மிச்சமிருக்கும் சரக்கும் அதே கலவையில் இருக்கிறது என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. இருக்காவிட்டால்? அரிசி, பருப்பில் அடக்கம் விற்பனை விலையில் 90 சதவீதம், அழகுப் பொருட்களில் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் விற்பனை விலையில் 50 லட்சத்துக்குச் சரக்கு வந்தது. சேர்த்து வகுத்தால் அடக்கம் 82.5 லட்சம், விகிதம் 82.5 சதவீதம். பொங்கல் மாதம், அரிசி, பருப்பு 45 லட்சத்துக்குப் போய்விட்டது, அழகுப் பொருள் 25 லட்சத்துக்குத்தான் போனது. மிச்சம் 5 லட்சமும் 25 லட்சமும், மொத்தம் 30 லட்சம். பொது விகிதத்தால் பெருக்கினால் 24.75 லட்சம். ஆனால் உண்மையில் அரிசியில் 4.5 லட்சம், அழகுப் பொருளில் 18.75 லட்சம், கூட்டினால் 23.25 லட்சம்தான். இருப்பு ஒன்றரை லட்சம் கூடுதலாகத் தெரிகிறது. அந்த மாத லாபமும் அதே ஒன்றரை லட்சம் ஊதிக் காட்டுகிறது. கடையில் யாரும் எதையும் தவறாகப் பதியவில்லை.

வேகமாகப் போகும் சரக்கில் லாபம் குறைவாகவும், தேங்கும் சரக்கில் லாபம் அதிகமாகவும் இருப்பது சில்லறைக் கடைகளில் சாதாரணம். அதனால் இந்தப் பிழை பெரும்பாலும் இருப்பை உயர்த்திக் காட்டும் பக்கமே சாயும். இதற்கு மருந்து, லாபத்தை ஒட்டிப் பிரிவுகளைப் பிரிப்பது. அலமாரி வரிசைப்படி பிரித்தால் போதாது. ஒரே வரிசையில் இருக்கும் மூட்டைப் பருப்பும், கடையே பாக்கெட் போட்டுத் தன் பெயரில் விற்கும் பருப்பும் வேறுவேறு விகிதம் உடையவை. ஒரு பிரிவுக்குள் உள்ள பொருட்களின் விகிதம் நாலைந்து புள்ளிக்கு மேல் விலகினால் அதை இரண்டாக்கிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

அடுத்தது விலைக் குறைப்பு. மேலே விகிதத்தை வகுக்கும்போது 2,50,000 ரூபாய் ஆஃபரைக் கழிக்கவில்லை. வகுத்த பிறகே கழித்தோம். விலை ஏற்றத்தைச் சேர்த்து, விலைக் குறைப்பை விட்டுவிட்டு விகிதம் காண்பது அமெரிக்கப் பாடநூல்களில் வழக்கமான முறை. அப்படிச் செய்தால் விகிதம் தாழ்வாகவும், இருப்பு எச்சரிக்கையாகக் குறைந்தும் வரும். முன்பே கழித்திருந்தால் 84,00,000-ஐ 1,02,50,000-ஆல் வகுக்க, விகிதம் 81.95 சதவீதமாகி, இருப்பு சுமார் 50,000 ரூபாய் கூடியிருக்கும். ஏஎஸ் 2-இன் வாசகமோ, முதலில் வைத்த விலைக்குக் கீழே குறைத்த சரக்கை விகிதம் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது.

எது சரி என்பது, ஆஃபர் போட்ட சரக்கு இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது விற்றுத் தீர்ந்திருந்தால், அலமாரியில் இருப்பதெல்லாம் பழைய விலைச் சரக்கு. அதற்கு 80 சதவீதமே பொருந்தும். விற்காமல் நின்றால் கதை வேறு. 80 ரூபாய் அடக்கமுள்ள 100 ரூபாய்ப் பொருளை 90-க்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். 90-இல் 80 சதவீதம் 72. வாங்கியது 80-க்கு, விற்கப்போவது 90-க்கு. ஆனால் புத்தகத்தில் 72. அந்த 8 ரூபாய் இந்த மாதம் நஷ்டமாகி, அடுத்த மாதம் லாபமாகத் திரும்பி வரும். ஆகவே மாதக் கடைசியில் நிற்கும் ஆஃபர் சரக்குக்கு, குறைத்த தொகையைத் திரும்பக் கூட்டிவிட்டு 80 சதவீதம் போட வேண்டும். 100-இல் 80 சதவீதம், சரியாக 80. விலையை 70-க்கு இறக்கியிருந்தால் மட்டும் அடக்கத்தை விட்டுவிட்டு, விற்றால் கையில் நிற்கும் தொகைக்கே மதிப்பிட வேண்டும்.

ஜிஎஸ்டிதான் இந்த ஊர்க் கடைகளைப் பிரத்தியேகமாகக் குழப்புவது. எம்ஆர்பி வரி உட்பட்டது. உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் கடைக்கு அடக்க விலை வரி நீங்கலானது. இரண்டையும் அப்படியே வைத்து வகுத்தால் விகிதத்துக்குப் பொருளே இல்லை. விற்பனை விலைப் பக்கம் முழுவதும் வரியை நீக்கியே நிறுத்த வேண்டும். (வரி வரவு எடுக்காத காம்போசிஷன் கடையில், கொள்முதலில் கட்டிய வரியும் அடக்கத்தில் சேரும், அங்கே கேட்கும் முழு விலையே விற்பனை விலை.)

வரியோடு கணக்கு வைத்தவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 நல்ல பாடம். அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. 118 ரூபாய் சோப்பு 105 ஆனது. 3,000 கட்டி இருந்த கடையின் புத்தகத்தில் 3,54,000 ரூபாய்ச் சரக்கு. விற்றபின் வந்தது 3,15,000. விலை மாற்றத்தைப் பதியாவிட்டால் மீதி 39,000 ரூபாய்க்கு இன்னும் சோப்பு இருப்பதாகப் புத்தகம் சொல்லும். எண்ணிப் பார்த்தால் திருட்டுப் போனதுபோல் தோன்றும். வரி நீக்கி வைத்த கடையில் அந்தச் சோப்பு முன்பும் 100, பின்பும் 100.

இந்த முறைக்குத் திருட்டோ உடைசலோ தானாகத் தெரியாது. அது சொல்வது இருக்க வேண்டிய சரக்கை. இருக்கும் சரக்கை அல்ல. அதனால் சில மாதத்துக்கு ஒருமுறையாவது எண்ண வேண்டும். எண்ணுவதும் சுலபம்: பில்லைத் தேட வேண்டாம், பார்கோடை ஸ்கேன் செய்து விற்பனை விலையில் கூட்டினால் போதும். மேலே சொன்ன மளிகைப் பிரிவில் எண்ணியபோது 25,62,000 வந்தது என்போம். புத்தகத்தின் 26,50,000-க்கும் இதற்கும் உள்ள குறைவு 88,000, விற்பனையில் சுமார் 1.16 சதவீதம். இருப்பை 25,62,000-இன் 80 சதவீதமான 20,49,600-ஆகத் திருத்தி, அடுத்த மாதம் முதல் 1-க்குப் பதிலாக 1.16 சதவீதம் கழிக்கலாம்.

அதைவிட, குறைவு எங்கே விழுகிறது என்பதைப் பார்ப்பது பயன் தரும். ஆஃபர் ஓடிய பிரிவில் மட்டும், ஆஃபர் ஓடிய மாதத்தில் மட்டும் குறைந்தால், பதியாத விலைக் குறைப்பே காரணம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் அந்த மூன்றாவது பாக்கெட்டின் முழு விற்பனை விலையும் விலைக் குறைப்பாகப் பதிவாக வேண்டும். எந்த ஆஃபரும் இல்லாமல், சிறிய, விலை கூடிய பொருட்களில் மாதாமாதம் குறைந்தால் திருட்டைத் தேடலாம்.

எண்ணும்போது புத்தகத்தைவிடச் சரக்கு அதிகமாக இருந்தால் சந்தோஷப்படக் கூடாது. பெரும்பாலும் அது விநியோகஸ்தரின் ஸ்கீம் சரக்கு. பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசமாக வந்திருக்கும். விலையில்லாத பெட்டி என்பதால் கொள்முதலில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அதற்கு அடக்கம் பூஜ்யம்தான், ஆனால் விற்பனை விலை உண்டு. பெட்டி 800 ரூபாய்க்கு வாங்கி 1,000-க்கு விற்பதானால், பதினொரு பெட்டிக்கும் சேர்த்து அடக்கம் 8,000, விற்பனை விலை 11,000. விகிதம் 80 அல்ல, 72.7. ஏற்றாமல் விட்டால் விகிதம் உயர்ந்து நிற்பதோடு, அதே பிரிவில் காணாமல் போன ஒரு பெட்டியை இந்தக் கூடுதல் பெட்டி மறைத்தும்விடும்.

காய்கறி, பழத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது. தக்காளியின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாடியது, அழுகியது என்று எடையும் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு விலை மாற்றத்தையும் பதிவது நடக்காத காரியம். இருப்பதும் ஓரிரு நாள் சரக்குதான். மாதக் கடைசி இரவில் தராசில் நிறுத்து, கடைசிக் கொள்முதல் பில்லின் விலையைப் போட்டுக்கொண்டால் அந்த வேலை முடிந்துவிடும்.