‘மறைமுக ஏற்ற இறக்கம்’ என்று ஒன்று இல்லை

வணிகப் பக்கங்களில், சந்தை ஆப்ஷன்களைப் பற்றி எழுதும்போது வரும் ‘இம்ப்ளைடு வொலட்டிலிட்டி’யை ‘மறைமுக ஏற்ற இறக்கம்’ என்றே எழுதித் தள்ளுகிறார்கள். மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்றால் இன்னொருவர் வழியாக வருவது. இங்கே அப்படி எதுவும் இல்லை. இம்ப்ளை என்பதன் லத்தீன் வேருக்கு உள்ளே மடித்து வைத்தல் என்று பொருள். அதற்கு நம்மிடம் ‘உட்கிடை’ இருக்கிறது.

ஆப்ஷனின் விலைச் சூத்திரத்தில் நிஃப்டி போன்ற குறியீட்டின் இன்றைய நிலை, ஒப்பந்தத்தில் குறித்த நிலையான ஸ்ட்ரைக், மீதி நாள், வட்டி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. இனி எவ்வளவு ஆடும் என்பது மட்டும் தெரியாது. சந்தையில் ஓடும் ஆப்ஷன் விலையான பிரீமியத்தைச் சூத்திரத்தில் போட்டு, அந்த ஒன்றைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்கிறோம். ஸ்ட்ரைக் வாரியாக விலைகளை அடுக்கும் ஆப்ஷன் செயினில் IV என்ற பத்தியில் இருப்பது அதுதான். விலைக்குள் கிடப்பதால் உட்கிடை ஏற்ற இறக்கம்.

நாள் போகப்போக ஆப்ஷன் விலை குறையும் ‘டைம் டிகே’யைக் ‘காலச் சிதைவு’ என்பது இதைவிட மோசம். பள்ளிப் பாடத்தில் கதிரியக்கச் சிதைவு முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நடக்கும். ஆப்ஷனில் நேர்மாறு. நிஃப்டி 25,000, அதே ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷன், IV 12 சதவீதம் என்று வையுங்கள். வட்டியை விட்டுவிட்டால் 30 நாள் இருக்கும்போது விலை ஏறத்தாழ 343 ரூபாய், 7 நாளில் 166, கடைசி நாளில் 63. குறியீடு அசையாவிட்டால் முதல் நாளில் 6 ரூபாய்கூடப் போகாது; கடைசி நாளில் அந்த 63-ம் போய்விடும். காரணம், பிரீமியம் மீதி நாட்களின் வர்க்கமூலத்தோடு நகர்கிறது. இது ஸ்ட்ரைக் குறியீட்டை ஒட்டியிருக்கும் வரைதான். தள்ளியிருக்கும் ஆப்ஷன்களின் வளைவு வேறு. ‘தேய்மானம்’ என்றால் கணக்கர் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நினைவு வரும். ‘காலத் தேய்வு’ போதும்.

ஆப்ஷன் முடியும் நாளான எக்ஸ்பைரியின் லாப நட்ட வரைபடத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் அடிபடுவது இந்த இரண்டாலும்தான். பட்ஜெட்டுக்கு முந்தைய நாள், எக்ஸ்பைரிக்கு 7 நாள் இருக்கையில், IV 16-இல் அதே 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 221 ரூபாய்க்கு வாங்குகிறார். மறுநாள் நிஃப்டி 60 புள்ளி ஏறுகிறது. எதிர்பார்ப்பு தீர்ந்ததும் IV 12-க்கு இறங்குகிறது. விலை இப்போது சுமார் 186. திசை சரி, கையில் 35 ரூபாய் நட்டம். இதில் ஒரு நாள் தேய்வின் பங்கு சிறிது. IV இறங்கியதன் பங்கே பெரிது. அந்த 186-இலும் 60 மட்டுமே உள்ளார்ந்த மதிப்பு. நிஃப்டி அங்கேயே நின்றால் எக்ஸ்பைரியில் மிஞ்சுவது அதுதான். மற்ற 126-தான் தேயும்.

இதைப் போய் ‘மறைமுகம்’ என்று எழுதினால், யாரோ ஒளித்து வைத்த கட்டணம்போல் வாசகர் நினைக்கிறார். மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டும் முன் ஒரு ஆப்ஷன் செயினைத் திறந்து பார்க்கலாம். கால், புட், ஸ்ட்ரைக், தீட்டா எல்லாம் அப்படியே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. IV மாறினால் விலை எவ்வளவு நகரும் என்று சொல்லும் வேகா கிரேக்க எழுத்தே அல்ல, அதையே உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது.