கடைசியில் கோடு சேரவில்லையா? மெஷினைத் திட்டாதீர்கள்

போன வாரம் ஒரு கேட் பேனல் எங்கள் பட்டறைக்கு வந்தது. வெட்டுவதற்கு இல்லை, நிமிர்த்துவதற்கு. 2 மி.மீ. சி.ஆர். ஷீட், நாலடிக்கு மூன்றடி. நடுவில் ஒரு மயில், சுற்றிலும் 140 இலைகளோடு ஒரு கொடி. வேறொரு இடத்தில் பிளாஸ்மா மெஷினில் வெட்டி வாங்கியிருக்கிறார்கள். தரையில் வைத்தால் ஒரு மூலை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைக் காலால் அமுக்கினால் எதிர் மூலை 'டொக்' என்று எழுந்தது. "ரோலர்ல ஒரு தடவை விட்டா சரியாயிடும்ல சார்?" என்றார் கொண்டுவந்தவர்.

ஆகாது. எரிச்சலோடுதான் சொன்னேன், ஏனென்றால் இந்த வருடம் இப்படி வந்த ஐந்தாவது பேனல் இது. ஒவ்வொரு இலையின் விளிம்பும் சூடாகி, ஆறும்போது சுருங்கி, பக்கத்து உலோகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பளம் பொரிந்த பிறகு அதைத் தட்டையாக்க முடியாது.

பேனலின் மேல் இடது மூலையில் இன்னொன்றும் இருந்தது. வெளி விளிம்பைச் சுற்றி வந்த வெட்டு, ஆரம்பித்த இடத்தில் வந்து சேராமல் இரண்டு மி.மீ. தள்ளி ஒரு படிக்கட்டு போல நின்றது. "மெஷின்ல பேக்லாஷ் இருக்குன்னு ஆபரேட்டர் சொன்னார்" என்றார். அதாவது, டார்ச்சை நகர்த்தும் பல்சக்கரங்களில் தளர்வு இருக்கிறதாம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நகர்ந்தது மெஷின் இல்லை, ஷீட். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்ப்பது எளிது. வேலையைத் தொடங்கும் முன், வெட்டும் தலையான டார்ச் நிற்கும் புள்ளியை மேசைச் சட்டத்தில் ஒரு ஊசியால் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டி முடித்ததும் டார்ச்சைத் திரும்ப அங்கே அனுப்புங்கள். அதே குறியில் வந்து நின்றால் மெஷின்மேல் பழி போட முடியாது. மெஷின் சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறது, பொருள்தான் அந்த இடத்தில் இல்லை.

ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடானால் சுமார் 1.2 மி.மீ. நீளும். பேனலுக்கும் ஷீட்டின் ஓரத்துக்கும் இடையே 30 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரமாக டார்ச் போகும்போது அந்த ஒல்லிப் பட்டைக்குள் சூடு பரவ வேறு இடமில்லை. சராசரியாக 200 டிகிரி ஏறினால் மீட்டருக்கு 2.4 மி.மீ. நீளும். நீளும் பட்டை வில் போல வளையும். வளையட்டும், அது கழிவுதானே என்றால், கேள்வி அதுவல்ல. அந்த நேரத்தில் உங்கள் பேனல் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. கனமான மீதி ஷீட்டோடு ஒட்டியிருந்தால் பட்டை மட்டும் போகும். பட்டையோடு மட்டும் ஒட்டியிருந்தால் பேனலும் கூடவே போகும்.

பேனலைக் கொண்டுவந்தவரின் போனில், வெட்டும்போது எடுத்த வீடியோ இருந்தது. எட்டுக்கு நாலு முழு ஷீட்டின் கீழ் இடது மூலையில் பேனலை வைத்திருந்தார்கள். இடதுபக்கமும் கீழேயும் 30 மி.மீ. பட்டை. மேலே கிட்டத்தட்ட ஓர் அடி. வலதுபக்கம் ஒரு மீட்டருக்கும் மேல் ஷீட் கிடந்தது. உள்வெட்டுகளை முதலில் முடித்துவிட்டு வெளிவிளிம்புக்குப் போயிருக்கிறார்கள், அது சரி. ஆனால் வெளிவிளிம்பை மேல் இடது மூலையில் தொடங்கி, மேல்பக்கம், வலதுபக்கம் என்று வெட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதாவது, பேனலைப் பிடித்து வைத்திருந்த இரண்டு பலமான பக்கங்களையும் முதலிலேயே அறுத்தாகிவிட்டது. அதன் பிறகு பேனல் இரண்டு ஒல்லிப் பட்டைகளில் தொங்கியது. அந்தப் பட்டைகளைச் சூடாக்கிக்கொண்டு டார்ச் வர, பேனல் மெல்ல நகர்ந்து, கடைசியில் இரண்டு மி.மீ. படிக்கட்டு.

அதே பேனல், அதே மூலை, அதே சுற்று. தொடங்கும் இடத்தைக் கீழ் வலது மூலைக்கு மாற்றினால் போதும். கடிகாரச் சுற்றில் முதலில் கீழ்ப்பக்கம் போகும், பிறகு இடதுபக்கம் ஏறும். பட்டைகள் இரண்டும் விடுபட்டு இஷ்டத்துக்கு நெளியும், பேனல் அசையாது. அப்புறம் மேல்பக்கம். எல்லாவற்றிலும் கனமான வலதுபக்கம் கடைசி. இதற்குப் பைசா செலவில்லை. டார்ச் துளை போட்டு வெட்டுக்கோட்டுக்குள் நுழையும் லீட்-இன் புள்ளியை மவுஸால் இழுத்து வைக்கும் வேலைதான்.

எதிர்ச்சுற்றில் வெட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பெரும்பாலான டார்ச்களில் வாயு சுழலும் திசையால், டார்ச் போகும் திசைக்கு வலதுபக்க விளிம்பு நேராகவும் இடதுபக்க விளிம்பு சாய்வாகவும் வரும். நல்ல விளிம்பு பொருளுக்குக் கிடைக்க வேண்டுமானால் பொருள் எப்போதும் வலதுபக்கம் இருக்க வேண்டும். வெளிவிளிம்புக்குக் கடிகாரச் சுற்று, ஓட்டைகளுக்கு எதிர்ச்சுற்று. டார்ச் தின்னும் வெட்டின் அகலம்தான் கெர்ஃப். இரண்டிலும் கெர்ஃப் ஈடு இடதுபக்கமே, அதாவது நிரலில் G41. எங்காவது வலதுபக்க ஈடான G42 தட்டுப்பட்டால் நான் நிறுத்திப் பார்ப்பேன்.

இனி அந்த இலைகள். மென்பொருள் பக்கத்துப் பக்கத்து இலையாக, சரம் தொடுப்பதுபோல வரிசை போட்டிருந்தது. அதுதான் டார்ச்சுக்குக் குறைந்த நடை. ஆனால் முதல் இலையின் சூடு ஆறும் முன்பே அடுத்த இலை, அது ஆறும் முன்பே அதற்கடுத்தது. வீடியோவில் முப்பதாவது இலைக்குப் பக்கத்தில் ஷீட் மேடுபோல் எழும்புவது கண்ணுக்கே தெரிகிறது. இப்படி எழும்பிய ஷீட்டில் இன்னொரு கேடும் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் முன் டார்ச் இறங்கி ஷீட்டைத் தொட்டு உயரம் பார்க்கும் இல்லையா, மேடான இடத்தில் தொடும்போது ஷீட் அமுங்கிக் கொடுக்கும். டார்ச் மேலே ஏறியதும் ஷீட்டும் பின்னாலேயே எழும்பி வரும். டார்ச்சின் நுனியில் உள்ள நாசில் நாலு மி.மீ. உயரத்தில் இருப்பதாக மெஷின் நினைக்கும், உண்மையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உருகிய துளிகள் நேராக நாசிலுக்குள் போகும். நாசில் சீக்கிரம் போகிறது, கம்பெனி சரியில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இலைகளைச் சிதறடித்து வெட்டுங்கள். முதல் சுற்றில் ஐந்துக்கு ஒன்று, அடுத்த சுற்றில் அதற்குப் பக்கத்தில் உள்ளது என்று ஐந்து சுற்று. "டைம் ஆகும் சார்" என்பதுதான் வழக்கமான பதில். எவ்வளவு ஆகும்? ஒவ்வொரு இலைக்கும் 60 செ.மீ. கூடுதல் நடை என்றே வைத்துக்கொள்வோம். டார்ச் நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடினால் ஒரு இலைக்கு 3.6 விநாடி. 140 இலைக்கு எட்டரை நிமிடம். எட்டரை நிமிடத்தை மிச்சம் பிடித்து ஒரு பேனலை வீணாக்கினார்கள்.

மயில் போன்ற பெரிய திறப்பை இலைகள் எல்லாம் முடிந்த பிறகு வெட்டுங்கள். அது போய்விட்டால் ஷீட்டின் விறைப்பும் போய்விடும். டிராயிங் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலைக்கும் இலைக்கும் நடுவில் மூன்று மி.மீ. மட்டும் விட்டு அழகு பார்க்காதீர்கள். 2 மி.மீ. ஷீட்டுக்கு நாங்கள் 10 மி.மீ.க்குக் குறைவாக விடுவதில்லை. கூடவே, DXF கோப்பில் ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு கிடக்கிறதா என்றும் பாருங்கள். திரையில் ஒன்றாகத் தெரியும், டார்ச் இரண்டு தடவை போகும்.

லீட்-இன் பற்றிச் சுருக்கமாக. துளை போடும் இடத்தில் கெர்ஃபைவிடப் பெரிய குழியும் சுற்றிலும் கசடும் வரும். அது கழிவுப் பக்கம்தான் இருக்க வேண்டும். இந்த இலைகளுக்கு 4 மி.மீ. லீட்-இன் போதும், ஆனால் இலையின் வயிற்றில் வையுங்கள், நுனியில் வேண்டாம். நுனியில் இடமே இல்லை, குழி விளிம்பைக் கடித்துவிடும். உள்வெட்டுகளுக்கு, வெட்டு முடிந்ததும் டார்ச் விலகிப் போகும் லீட்-அவுட்டைப் பூஜ்ஜியமாக்குங்கள். துண்டு விழுந்த பிறகும் ஆர்க் எரிந்துகொண்டிருந்தால், பிடிக்க இரும்பு தேடி நல்ல விளிம்பில் பல் பதித்துவிடும்.

கடைசியாக, வேகம். வீடியோவில் டார்ச் ஊர்ந்தது. "மெதுவா போனா நீட்டா வரும்" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேஸ் கட்டிங்கில் கைபழகியவர்கள் விட்டுச்சென்ற பழக்கம் இது. பிளாஸ்மாவில் வேகத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு மி.மீ.க்கும் போகும் சூடு இரட்டிப்பாகும். அடியில் தடித்த, பொருபொருவென்ற கசடு தொங்கினால் மெதுவாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். மெல்லிய, கெட்டியான, உளியால் தட்டினாலும் போகாத கோடாக இருந்தால் அதிக வேகம். சார்ட்டில் போட்டிருக்கும் வெட்டு வேகத்துக்கு உங்கள் மேசை வளைவுகளில் ஈடுகொடுக்கவில்லை என்றால், டார்ச்சை மெதுவாக்கிவிட்டு ஆம்பியரை அப்படியே விடாதீர்கள். சின்ன நாசில் மாற்றி ஆம்பியரையும் இறக்குங்கள்.

நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குவதும் வேண்டாம். நீள இடமில்லாத ஷீட் நடுவில்தான் எழும்பும். ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற பக்கங்களை விட்டுவிடுங்கள்.

அவருக்குப் புது ஷீட்டில் வெட்டிக் கொடுத்தோம். தட்டையாக வந்ததா என்றால், முழுக்க இல்லை. சுருளிலிருந்து பிரித்த ஷீட்டுக்குள் ஏற்கெனவே இருந்த இழுப்பும் வெட்டும்போது வெளியே வரும், ஒரு மூலை மூன்று மி.மீ. தூக்கியிருந்தது. குழாய் பிரேமில் வைத்து அந்த மூலையில் ஒரு டேக் வெல்டிங் அடித்ததும் படிந்துவிட்டது. வெளிவிளிம்பு சேர்ந்த இடத்தை அவர் விரலால் தடவித் தேடினார். கீழ் வலது மூலையில் என்று நான்தான் காட்ட வேண்டியிருந்தது. பழைய பேனலை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன், அடுத்து "பேக்லாஷ்" என்று யாராவது வந்தால் காட்டலாம்.