எஸ்.பி.எம். தேர்வு அட்டவணை: உங்கள் பிள்ளைக்கு எந்த வரி, எந்தப் பள்ளி?

எஸ்.பி.எம். தேர்வு அட்டவணையைத் தேர்வு வாரியம் வெளியிடுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணைதான். நாள், தாளின் எண், பாடத்தின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பின்பக்கமோ கடைசிப் பக்கமோ மாணவருக்கான கட்டளைகள் இருக்கும். பார்க்க எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் அதில் உங்கள் பிள்ளையின் பெயர் இல்லை, தேர்வு எழுதும் பள்ளியும் இல்லை. நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின.

முதலில் தலைப்பில் உள்ள ஆண்டைப் பாருங்கள். கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் எஸ்.பி.எம். 2020 தேர்வே 2021-க்குத் தள்ளிப்போனது. அப்புறம் சில ஆண்டுகள் அப்படியே ஓடின. எஸ்.பி.எம். 2024-இன் எழுத்துத் தேர்வு 2025 ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்தது. எஸ்.பி.எம். 2025 அதே ஆண்டு நவம்பரில் தொடங்கியது. ஆக, 2025 என்ற ஆண்டு போட்ட நாள்களுடன் இரண்டு வெவ்வேறு அட்டவணைகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. தலைப்பை வெட்டிவிட்டு நடுவில் உள்ள கட்டத்தை மட்டும் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் செய்யும் வேலை இது. தலைப்பு தெரியாத படத்தை நம்பாதீர்கள். வாரியத்தின் பக்கத்திலிருந்து முழுக் கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது பள்ளியில் அச்சுப் பிரதி கேளுங்கள். நடுவில் திருத்தம் வருவதும் உண்டு. அதனால் தேர்வு தொடங்குவதற்கு முந்தைய வாரம் இன்னொரு முறை பாருங்கள்.

அட்டவணையைவிட முக்கியமான தாள் ஒன்று இருக்கிறது. பள்ளி மாணவரிடம் கொடுக்கும் தேர்வுப் பதிவு அறிக்கை அது. மலாயில் 'பெர்ன்யாத்தாஆன் பெண்டாஃப்தாரான்' என்பார்கள். பிள்ளையின் பெயர், அடையாள அட்டை எண், அங்கா கிலிரான் எனப்படும் தேர்வு எண், பதிவு செய்த பாடங்கள் எல்லாம் அதில் இருக்கும். அட்டவணை ஊருக்கு, இந்த அறிக்கை உங்கள் பிள்ளைக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அறிக்கையில் இல்லாத பாடம் அட்டவணையில் இருந்தும் பயனில்லை. இரண்டு ஆண்டுகள் வகுப்புக்குப் போய்ப் படித்த பாடம் பதிவில் விடுபட்டிருப்பதைத் தேர்வு நெருங்கியபோது கண்டுபிடித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் கேட்டால், "மாணவி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று பதில் வந்தது. உண்மைதான், போட்டிருந்தார். பதினேழு வயதுப் பிள்ளை, காலை அணிவகுப்பு முடிந்த கையோடு நீட்டிய தாளில் வேறு என்ன செய்யும்? திருத்தம் செய்யும் காலம் மூடிவிட்டால் அப்புறம் யாரிடம் போய் நின்றும் கதவு திறக்காது. அறிக்கையை வீட்டுக்கு வாங்கி வந்து நீங்களே ஒரு முறை படியுங்கள்.

எப்படிப் படிப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பிறை பக்கம் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 5 அறிவியல் பிரிவில் படிக்கும் மாணவி என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பாடங்கள்: மலாய்மொழி 1103, ஆங்கிலம் 1119, வரலாறு 1249, நன்னெறி 1225, கணிதம் 1449, கூடுதல் கணிதம் 3472, இயற்பியல் 4531, வேதியியல் 4541, உயிரியல் 4551, தமிழ்மொழி 6354. பாடத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கணிதமும் கூடுதல் கணிதமும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். எண்ணை வைத்துத் தேடுங்கள். எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடும் இன்னோர் எண்ணும் இருக்கும். அது எத்தனையாவது தாள் என்பதைச் சொல்கிறது. 1449/1 ஒன்றரை மணி நேரம், 1449/2 இரண்டரை மணி நேரம். ஒரு பாடத்தின் எல்லாத் தாள்களும் ஒரே நாளில் வரும் என்ற உறுதி கிடையாது. 6354/1-ஐக் கண்டுபிடித்துவிட்டு 6354/2-ஐத் தேடாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரு தாளை எழுதாமல் விட்டாலும் அந்தப் பாடத்துக்கே 'தீடாக் ஹாடிர்', அதாவது வரவில்லை என்று விழுந்துவிடும். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ அப்படி விழுந்தால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. அந்த இரண்டிலும் தேர்ச்சி கட்டாயம்.

ஒரே கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் முடியும் நேரம் வேறுபடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்துவிட்டதே என்று பதறி வேனை அனுப்ப வேண்டாம், உங்கள் வரியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் தாள் இருந்தால் தொடங்கும் நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள், மற்ற நாள்களின் நேரமே அன்றைக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடங்கும் நேரம் என்று போட்டிருப்பது எழுதத் தொடங்கும் நேரம், பள்ளி வாசலில் இறக்கிவிடும் நேரம் அல்ல.

இனி, கட்டத்தில் நாள் போட்டிருந்தும் உங்கள் பிள்ளையின் நாள் போடாத தேர்வுகளைப் பார்ப்போம். வாய்மொழித் தேர்வுக்கு அட்டவணை ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதி வரை என்று ஒரு காலத்தைத்தான் கொடுக்கும். அதற்குள் எந்த மாணவருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். எழுத்துத் தேர்வு தொடங்குவதற்கு முன்பே இது முடிந்துவிடும் என்பதால், பெரிய தேர்வு இன்னும் வரவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உண்மையில் தேர்வு தொடங்கியிருக்கும். அந்த வாரத்தில் திருமணம், ஊர்ப் பயணம் என்று எதுவும் வைக்காதீர்கள். ஆங்கிலத்தின் 1119/3-ஐ இரண்டு இரண்டு பேராக நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளை போகாவிட்டால் இன்னொரு பிள்ளைக்கும் சிக்கல். பள்ளி இந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவது உண்டு. பிள்ளையிடம் அதைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள்.

நம் மாணவிக்கு அறிவியல் செய்முறைத் தேர்வும் உண்டு: 4531/3, 4541/3, 4551/3. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இடம் போதாத பள்ளிகளில் முறை வைத்து நடத்துவார்கள். கேள்வி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, முறை வராதவர்களைத் தனியறையில் காத்திருக்க வைப்பார்கள். கைப்பேசி கிடையாது, வெளியே போக முடியாது. பிள்ளை இரண்டாவது முறையில் இருந்தால் அட்டவணையில் உள்ள நேரத்தை வைத்து வீடு திரும்பும் நேரத்தைக் கணக்கிட முடியாது. சாப்பாடு கொடுத்தனுப்புங்கள். எந்த முறை என்பதை முதல் நாளே கேட்டுவையுங்கள்.

தமிழ் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அடுத்த பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரு பள்ளியில் தமிழ் எடுப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால், அவர்களை அந்தத் தாளுக்கு மட்டும் வேறொரு பள்ளிக்கு அனுப்புவது உண்டு. இதை 'மெனும்பாங்' என்கிறார்கள். அட்டவணையில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இருக்காது, ஏனென்றால் அது நாடு முழுவதற்குமானது. மற்ற ஒன்பது பாடங்களையும் தன் பள்ளியிலேயே எழுதும் மாணவி, தமிழ்த் தாளுக்கும் அதே மண்டபத்தில் போய் உட்கார்ந்து காத்திருப்பாள். மேசையில் அவள் எண் இருக்காது. அப்போது யாராவது கண்டுபிடித்து அவசரமாகக் காரில் ஏற்றி அனுப்பினாலும், காலை நெரிசலில் பிறையிலிருந்து பட்டர்வொர்த் போய்ச் சேர்வதற்குள் தாள் பாதி போயிருக்கும். இந்த இழப்புக்கு நேரம் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

இதைக் கேட்கப் போனால் அலைக்கழிப்பு தொடங்கும். பள்ளி அலுவலகத்தில் உள்ள கிராணி, "அது பி.பி.டி.யில் தெரியும்" என்பார். மாவட்டக் கல்வி அலுவலகமான பி.பி.டி.யில், "உங்கள் பள்ளியிலேயே பட்டியல் இருக்குமே" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. பள்ளியில் தேர்வுச் செயலாளர் என்று ஓர் ஆசிரியர் இருப்பார், 'எஸ்.யு. பெப்பெரிக்சாஆன்' என்று கேட்டால் காட்டுவார்கள். அவரிடம் மட்டும் பேசுங்கள். முகப்பில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. "6354 இரண்டு தாள்களும் எந்த மையத்தில், எந்த மண்டபத்தில்?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 'ஜே.பி.என்.' போகச் சொன்னால் எந்த ஜே.பி.என். என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலக் கல்வி இலாகாவுக்கும் அந்த எழுத்துகள்தான், அடையாள அட்டை கொடுக்கும் தேசியப் பதிவு இலாகாவுக்கும் அதே எழுத்துகள்தான். கேள்வியோடு தவறான இலாகாவில் எண் எடுத்துக் காத்திருந்து அரைநாள் சம்பளத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் அடையாள அட்டை தொலைந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்குத்தான் போக வேண்டும், அதையும் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மண்டபத்தில் அடையாள அட்டையும் பதிவு அறிக்கையும் கேட்பார்கள். அட்டையின் கைப்பேசிப் படத்தை ஏற்கமாட்டார்கள், கைப்பேசியை உள்ளே கொண்டுபோவதே தவறு.

மெனும்பாங் பள்ளி எது என்று தெரிந்ததும் ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். எந்த வாசல் திறந்திருக்கும், பேருந்து எங்கே நிற்கும் என்பது பெரிய பள்ளிகளில் சட்டென்று பிடிபடாது. காலையில் ஒரு தாள் சொந்தப் பள்ளியில், பிற்பகலில் தமிழ் இன்னொரு பள்ளியில் என்று ஒரே நாளில் விழுந்திருந்தால் நடுவில் யார் கூட்டிப்போவது என்பதை இப்போதே பேசி முடியுங்கள். பள்ளி ஏற்பாடு செய்யும் என்று வாயால் சொன்னால், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.

தேர்வு நாளில் பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் நேராகக் கிளினிக்குக்குப் போய் எம்.சி. வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வேலை இடத்தில் எம்.சி. செல்லும். தவறவிட்ட எஸ்.பி.எம். தாளை அது திரும்பக் கொண்டுவராது. தாள் தொடங்குவதற்கு முன்பே தேர்வுச் செயலாளரை அழைத்துச் சொல்லுங்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அங்கேயே தேர்வு எழுத ஏற்பாடு செய்யும் வழக்கம் இருக்கிறது, ஆனால் முன்கூட்டிச் சொன்னால்தான் கண்காணிப்பாளரையும் கேள்வித்தாளையும் அனுப்ப முடியும். அதனால் செயலாளரின் தொலைபேசி எண்ணை அட்டவணையின் மேல் மூலையில் எழுதிவையுங்கள், பள்ளி அலுவலக எண்ணை அல்ல. காலை ஏழு மணிக்கு அலுவலகத்தில் போனை எடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.