மோதல்கள் குறையும்போது ஒருமூலக்கூறு வினை ஏன் தளர்கிறது?

மெத்தில் ஐசோசயனைடு வளிமத்தை 230 டிகிரி செல்சியஸில் வைத்தால், அது மெல்ல அசிட்டோநைட்ரைலாக மாறுகிறது: CH₃NC → CH₃CN. வேறெந்த மூலக்கூறும் இதில் சேர்வதில்லை. மெத்தில் தொகுதி நைட்ரஜனை விட்டுக் கார்பனோடு இணைகிறது, அவ்வளவுதான். ஆகவே வேக மாறிலி அழுத்தத்தைச் சாராது என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் 1962 இல் ஷ்னைடரும் ராபினோவிச்சும் வெளியிட்ட அளவீடுகளில், உயர் அழுத்தத்தில் ஏறத்தாழ நிலையாக இருக்கும் வேக மாறிலி, பாதரசமானியில் சுமார் 60 மி.மீ. அளவில் பாதியாகிறது, மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் சரிகிறது.

இத்தகைய சரிவுக்கான விளக்கத்தை லிண்டேமன் 1921 இலேயே முன்வைத்திருந்தார். கலத்தின் சுவர்களிலிருந்து வரும் கதிர்வீச்சே மூலக்கூறுகளுக்கு ஆற்றல் தருகிறது என்று பெரின் கருதிவந்த காலம் அது. அந்த ஆற்றல் மோதல்களிலிருந்தே வருகிறது என்றார் லிண்டேமன். ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதிக் கிளர்வுறுகிறது (k₁). கிளர்வுற்றது அடுத்த மோதலில் ஆற்றலை இழந்து பழைய நிலைக்குத் திரும்பலாம் (k₋₁), அல்லது அதற்குள் வினைபுரிந்துவிடலாம் (k₂). கிளர்வுற்றவற்றின் செறிவு மாறாதிருப்பதாகக் கொண்டால், p அழுத்தத்தில் மொத்த வேக மாறிலி இவ்வாறு அமைகிறது:

k = k₁k₂p / (k₂ + k₋₁p)

அழுத்தம் மிகுந்திருந்தால் ஆற்றலை இழப்பதே பெரும்பான்மையின் கதி என்பதால், கிளர்வுற்றவை வெப்பச் சமநிலைப் பங்கிலேயே நிலைத்திருக்கும். வேகத்தை அவற்றின் மாற்றமே தீர்மானிக்கும். அழுத்தம் தாழ்ந்திருந்தால், கிளர்வுற்ற ஏறத்தாழ ஒவ்வொன்றும் அடுத்த மோதலுக்கு முன்பே மாறிவிடும். அப்போது கிளர்வூட்டும் மோதலே தடையாகிறது.

வளைகோட்டின் வடிவம் சரிதான். சிக்கல் அது வளையும் இடத்தில் இருக்கிறது. இவ்வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 160 கிலோஜூல். உயர் அழுத்த வேக மாறிலி நொடிக்கு ஏறத்தாழ 10⁻³. ஒரு மூலக்கூறு 1 மி.மீ. அழுத்தத்தில் நொடிக்குச் சுமார் 10⁷ முறை மோதுகிறது. போதிய ஆற்றலுள்ள மோதல்களின் பங்கு e^(−E/RT); E கிளர்வு ஆற்றல், R வளிம மாறிலி, T வெப்பநிலை என்பதால் இங்கே அது e⁻³⁸. மோதல் எண்ணிக்கையை அதனால் பெருக்கினால், கிளர்வூட்டும் மோதல் வேகம் 10⁻¹⁰ என்ற அளவில்தான் வருகிறது. இதன்படி வேகம் பாதியாகும் அழுத்தம் பல இலட்சம் மி.மீ.க்கும் மேலே, அதாவது ஆயிரக்கணக்கான வளிமண்டலங்களாக இருக்க வேண்டும். அளவீடு சொல்வதோ 60 மி.மீ.!

இந்த இடைவெளியை நிரப்பும் வழியை ஹின்ஷெல்வுட் 1920களிலேயே காட்டியிருந்தார். மோதும் கணத்தின் நேர்கோட்டு வேகம் மட்டுமன்றி, மூலக்கூறின் அதிர்வுகளில் ஏற்கெனவே தேங்கியுள்ள ஆற்றலும் கணக்கில் சேர வேண்டும். s அதிர்வுகள் பங்கேற்றால் k₁ ஏறத்தாழ (E/RT)ˢ⁻¹/(s−1)! மடங்கு பெரிதாகிறது. E/RT மதிப்பு 38 ஆக இருக்கையில் s = 5 எனக் கொண்டால் அம்மடங்கு 80,000க்கும் மேல்; நமக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அந்த அளவே. மெத்தில் ஐசோசயனைடுக்கு 12 அதிர்வுகள் இருக்க, 5 மட்டும் ஏன் என்பதற்கு இச்சூத்திரத்தில் விடையில்லை. இங்கே s என்பது சோதனைக்கேற்பப் பொருத்தப்படும் எண்தான்.

இன்னொரு குறையும் உண்டு. சூத்திரப்படி 1/k ஐ 1/p க்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். சோதனைப் புள்ளிகளோ வளைகின்றன. வினைக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலைச் சற்றே கடந்த மூலக்கூறைவிட மிகுந்த ஆற்றல் கொண்டது விரைவாக மாறுவதால், எல்லாவற்றிற்கும் ஒரே k₂ பொருந்தாது. மோதல்தான் காரணம் என்ற அடிப்படைக் கருத்தை இந்த வளைவு அசைப்பதில்லை: தாழ் அழுத்தத்தில் வினைபுரியாத ஹீலியத்தைச் சேர்த்தாலே வேக மாறிலி மீண்டும் உயர்கிறது. ஆனால் ஹீலியம் ஒரு மோதலில் கடத்தும் ஆற்றல் குறைவு என்பதால், அதே உயர்வைப் பெற பெரிய மூலக்கூறுகளைவிட அது அதிக அளவில் தேவைப்படுகிறது.