செக் திரும்பிய நோட்டீஸுக்குக் கோபமில்லாமல் பதில் எழுதுவது

கைமாற்றாக 3 லட்சம் ரூபாய் வாங்கிய ஒருவர், பாதுகாப்புக்கென்று கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றைக் கொடுக்கிறார். வட்டி ஏதும் பேசவில்லை. மாதம் 15,000 வீதம் 12 மாதம், மொத்தம் 1,80,000 ரூபாயை வங்கி வழியாகவே திருப்பிக் கட்டிவிட்டார். இடையில் மனக்கசப்பு. கடன் கொடுத்தவர் செக்கில் 3,00,000 என்று நிரப்பி வங்கியில் போட, கணக்கில் போதிய பணமில்லை என்று திரும்புகிறது. 15 நாளில் முழுத் தொகையும் வேண்டும் என்று, பணமின்றிச் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் வக்கீல் நோட்டீஸ் வருகிறது.

இந்த நிலையில் இருப்பவர்கள் எழுதிக்கொண்டு வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“தங்கள் கட்சிக்காரர் ஊரறிந்த கந்து வட்டிக்காரர். என் செக்கை ஃபோர்ஜரி செய்துள்ளார். நான் ஒரு பைசாகூடத் தர வேண்டியதில்லை. அவரைக் கம்பி எண்ண வைப்பேன்.”

கோபம் நியாயமானதுதான். ஆனால் இதில் ஒவ்வொரு வரியும் எழுதியவரையே அடிக்கும். ‘கந்து வட்டி’ என்ற சொல்லைப் பாருங்கள். கந்து வட்டி வாங்கினார் என்றால், கட்டிய 1,80,000 வட்டிக் கணக்கில் போனது என்று நாமே எழுதிக் கொடுத்ததாக எதிர்த்தரப்பு வாதிடும். அப்போது அசல் 3 லட்சம் அப்படியே நிற்கும். நோட்டீஸில் கேட்ட தொகையும் அதுதான். நம் கையில் இருந்த ஒரே பலமான மறுப்பு, வசவு ஒன்றில் கரைந்துவிடுகிறது.

‘ஃபோர்ஜரி’யும் நிற்காது. கையெழுத்து தன்னுடையதாக இருந்து, விரும்பிக் கொடுத்த செக்காகவும் இருந்தால், மீதியை வேறொருவர் நிரப்பினார் என்பதாலேயே அது செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. ‘ஒரு பைசாகூட இல்லை’ என்பது வங்கிக் கணக்குக்கே முரண். சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை இந்த வரியில்தான் தொடங்கும்.

நிற்கக்கூடிய மறுப்பு வேறு. கடனில் ஒரு பகுதியைக் கட்டிய பிறகு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டுத் திரும்பினால், அந்தச் செக் அன்றைய தேதியில் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனைக் குறிக்காது. 138-இன் கீழ் குற்றமும் ஆகாது. 2022-இல் தஷ்ரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எனவே பதிலின் உடல் முழுவதும் தேதியும் தொகையுமாக இருந்தால் போதும்:

“தங்கள் நோட்டீஸ் கிடைக்கப்பெற்றது. எமது கட்சிக்காரர் 3,00,000 ரூபாய் கடன் பெற்றது உண்மை. வட்டி பேசப்படவில்லை. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 12 தவணைகளில் 1,80,000 ரூபாய் அசலுக்காகத் தங்கள் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளார். கணக்கு நகல் இணைக்கப்பட்டுள்ளது. நோட்டீஸில் இத்தொகை குறிப்பிடப்படவில்லை. செக் பாதுகாப்புக்காக, தொகை நிரப்பாமல் கொடுக்கப்பட்டது. வங்கியில் போட்ட நாளில் 3,00,000 நிலுவை இருந்தது என்பதை எமது கட்சிக்காரர் மறுக்கிறார். மீதி 1,20,000-க்கான டிடி இத்துடன் அனுப்பப்படுகிறது. பெற்றுக்கொண்டு, செக்கைத் திருப்பித் தர வேண்டுகிறோம்.”

இதில் ‘பொய்’, ‘மோசடி’ எதுவும் இல்லை. ‘குறிப்பிடப்படவில்லை’ என்பதே அந்த வேலையைச் செய்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத் தன் கட்சிக்காரரிடம் படித்துக் காட்டும்போது, அவர் மானத்துக்காக வழக்குப் போட வேண்டிய கட்டாயம் வராது. கணக்கைப் பார்க்கச் சொல்ல வக்கீலுக்கும் இடம் கிடைக்கும்.

டிடி எடுக்கப் பணம் இல்லையென்றால், ‘எமது கட்சிக்காரரின் உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று தொடங்கித் தவணை கேட்கலாம். காப்பாற்ற முடியாத தேதியை மட்டும் எழுதிவிடாதீர்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் கடனின் காலவரம்பைப் புதுப்பிக்கவும் செய்யும். அதனால் உண்மையிலேயே தர வேண்டிய தொகையை மட்டுமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வட்டி பேசியிருந்தால் மேலே உள்ள வாசகம் உதவாது. மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் 3 லட்சத்துக்கு மாதம் 6,000 வட்டிக்கே போகும்; அதைக் கழித்துத்தான் அசல் கணக்கு. பணம் அனுப்பியபோது செயலியில் ‘வட்டி’ என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்களா என்பதையும் முதலில் பாருங்கள். உண்மையிலேயே கந்து வட்டிக் கொடுமை நடந்திருந்தால், 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் தனியாகப் புகார் கொடுக்க வழி உண்டு. அதைப் பதில் நோட்டீஸில் மிரட்டலாக நுழைப்பது இரண்டையும் கெடுக்கும்.

பதிலே போடாமல் இருப்பதும் ஆபத்து. 2010-இல் ரங்கப்பா வழக்கில், நோட்டீஸுக்குப் பதில் தராததையும் உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டது. 15 நாள் என்பது நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். பதில் அனுப்பினால் அது நீளாது. அது முடிந்ததும் புகார் தாக்கல் செய்ய அவர்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. ஆகவே கிடைத்த உறையைத் தேதி எழுதி வைத்துக்கொண்டு, பத்தாம் நாளுக்குள் பதிலை அனுப்பி, தபால் ரசீதையும் விநியோகச் சான்றையும் அந்த உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.